பகிர்ந்த ஆவணத்தில் சக ஊழியருக்குக் கருத்தும் திருத்தமும் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்காகத் தமிழில் முன்மொழிவு, அழைப்பு, தொகுப்புரை எல்லாம் எழுதும் ஒரு தொண்டூழியர் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். பகலில் அலுவலகத்திலும் அதே வேலைதான், ஆங்கிலத்தில். இரண்டு இடத்திலும் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் ஓரத்தில் கருத்து எழுதுவோம். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த ஓரக் கருத்துகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

கோப்பைத் திருத்த எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நேரடியாகவே திருத்திவிட்டால் என்ன?

எழுதியவருக்கு எது மாறியது என்று தெரியாமல் போய்விடும். கூகல் டாக்ஸில் வலது மேல் மூலையில் ஒரு பென்சில் படம் இருக்கும். அது Editing என்று இருக்கும்போது நீங்கள் அழித்த சொல் பக்கத்தில் எந்தச் சுவடும் விடாது. அவர் Version history-யைத் திறந்து தேடினால்தான் கண்டுபிடிக்க முடியும். அதையே Suggesting என்று மாற்றிக்கொண்டால் பழைய சொல் கோடு போட்டபடி அங்கேயே நிற்கும், புதிய சொல் நிறத்தில் வரும், பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் ஏற்க டிக்கும் மறுக்கப் பெருக்கல் குறியும் இருக்கும். வேர்டில் இதே வேலையை Review தாவலில் உள்ள Track Changes செய்கிறது. Ctrl+Shift+E அழுத்தினாலும் போதும்.

அந்தப் பெருக்கல் குறிதான் முக்கியம். எழுதியவர் 'வேண்டாம்' என்று சொல்ல ஓர் இடம் அது. நேரடியாகத் திருத்தினால் அந்த இடம் இல்லாமல் போகிறது. உங்கள் திருத்தம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவருடைய எழுத்தை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட மாதிரிதான் ஆகும்.

ஆவணத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பென்சிலை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆவணம் உங்களுடையது என்றால் மற்றவர்களுக்கு Editor-க்குப் பதிலாக Commenter அனுமதி கொடுங்கள். அவர்கள் எதைத் தட்டினாலும் அது பரிந்துரையாகத்தான் பதியும்.

எழுதியவரே 'நேரா திருத்திடுங்க' என்று சொல்லிவிட்டால் தாராளமாகத் திருத்தலாம். அதைத் தவிர வேறு விதிவிலக்கு எனக்குத் தோன்றவில்லை.

நல்லது என்று நினைத்துத்தான் எல்லாப் பிழையையும் குறித்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். இது நல்லதுதானே?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் நடக்கும் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சிறுவர்களுக்கு ஒரு கதை அரங்கு வைக்கத் திட்டமிட்டோம். அதற்கான இரண்டு பக்க முன்மொழிவை ஓர் இளம் தொண்டூழியர் எழுதினார். அவருக்கு அதுதான் முதல் ஆவணம். இரவு 11 மணிக்கு நான் உட்கார்ந்து பன்னிரண்டரைக்குள் முடித்தேன். எண்ணிப் பார்த்தால் 43 குறிகள். 31 ஒற்றுப்பிழையும் இடைவெளியும். எட்டு சொல்மாற்றம். உள்ளடக்கம் பற்றியவை நான்கே நான்கு.

மறுநாள் காலையில் பார்த்தபோது ஒரு குறிகூட இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிருந்தார், எதற்கும் பதில் எழுதவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அந்த நான்கில் ஒன்று தொடங்கும் நேரம். அவர் பிற்பகல் 2 மணி என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு 3 மணிக்கு நடந்த ஞாபகத்தில் நான் 3 என்று மாற்றியிருந்தேன். அவரோ மன்றத்தோடு பேசி, மண்டபத்தை 2 மணியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். சுவரொட்டி 3 மணி என்று தயாராகிவிட்டது. மன்றத்து அதிகாரி பார்த்துக் கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினோம். அந்தத் தம்பியிடம் கேட்டபோது, "நீங்க மாத்தியிருந்தீங்க, ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன் அண்ணே" என்றார்.

தவறு முழுக்க என்னுடையது. 43 குறிகளும் ஒரே நிறம், ஒரே குரல். எது ஐயம், எது விதி, எது என் விருப்பம் என்று அவரால் பிரிக்க முடியவில்லை. நள்ளிரவில் அவ்வளவு சிவப்பைப் பார்த்தவருக்கு அதில் ஒன்றை மறுக்கத் துணிவு எப்படி வரும்?

நேரம், தேதி, எண், பெயர் போன்ற தகவல்களை அன்றிலிருந்து நான் மாற்றுவதே இல்லை. கேட்கிறேன். 'போன ஆண்டு 3 மணி என்று ஞாபகம். இந்த ஆண்டு மன்றத்தில் 2 என்று சொன்னார்களா?' என்று ஒரு கருத்து எழுதியிருந்தால் அவர் 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

ஒருவர் உங்கள் குறிகளை ஓரிரு நிமிடத்தில், ஒரு பதிலும் எழுதாமல், மொத்தமாக ஏற்றுக்கொண்டால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் படித்திருக்கவே மாட்டார், அல்லது மறுக்கப் பயந்திருப்பார். இரண்டு மூன்றை மறுத்து, ஒன்றிரண்டைத் தன் போக்கில் மாற்றி, மீதியை ஏற்ற ஆவணம்தான் சரியாகப் படிக்கப்பட்ட ஆவணம்.

'மாற்றவும்' என்று எழுதுவது மரியாதையாகத்தானே இருக்கிறது? அதிலும் சிலர் சங்கடப்படுகிறார்கள்.

'காலணிகளை வெளியே விடவும்', 'வரிசையில் நிற்கவும்'. இந்த -வும் நமக்குப் பழகியதெல்லாம் அறிவிப்புப் பலகையில். அதில் சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. முகமில்லாத ஓர் அதிகாரம் மட்டும் இருக்கிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்ட நண்பர் ஓரத்தில் 'தெளிவாக எழுதவும்' என்று எழுதினால், திடீரென்று எழுந்துபோய்க் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்ட மாதிரி இருக்கும். 'தயவுசெய்து' சேர்த்தாலும் பலகை பலகைதான்.

எனக்குக் கைகொடுப்பது, வாசகராக என்ன நடந்தது என்பதைச் சொல்வது. 'இந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் கட்டணம் பெற்றோருக்கா பிள்ளைக்கா என்று புரிந்தது.' இதில் கட்டளையே இல்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படிச் செய்வது என்பது அவர் கையில் இருக்கிறது.

'மாற்றலாமா?' என்பதும் நல்ல வடிவம்தான். ஆனால் உண்மையிலேயே இரண்டு வழியும் சரி என்ற இடத்தில் மட்டும் கேளுங்கள். மன்றத்தின் கடிதத்தில் 14ஆம் தேதி என்றும் ஆவணத்தில் 15 என்றும் இருந்தால், 'தேதியை 14 என்று மாற்றலாமா?' என்று குழைவது தேவையில்லை. 'மன்றத்தின் கடிதத்தில் 14 என்று இருக்கிறது' என்று நேராகச் சொல்வதுதான் அவருக்கும் உதவி. தவறான தகவலைக் கேள்வி வேடத்தில் சொன்னால், அடுத்த முறை நீங்கள் உண்மையாகவே கேட்கும்போதும் அவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வார்.

தமிழில் தொனி பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தேதி சரியில்லை' என்பது தகவல். 'தேதிகூடச் சரியில்லை' என்பது, மற்றதெல்லாமும் சரியில்லை என்ற குற்றச்சாட்டு. 'ஒருமுறை படித்துப் பார்க்கலாம்' என்பதற்கும் 'ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாமே' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம்! 'போன வாரமே சொன்னேன்', 'இது தெரிந்ததுதானே' என்பவையும் அப்படித்தான். கருத்தை அனுப்பும் முன் கூட, தானே, -ஏ மூன்றையும் தேடிப்பார்த்து எடுத்துவிடுகிறேன். எடுத்த பிறகும் சொல்ல வந்த விஷயம் அப்படியே இருக்கும்.

'ஏன்' என்ற சொல்லையும் ஓரத்தில் நான் தவிர்ப்பேன். நேரில் பேசும்போது 'ஏன் இப்படி எழுதியிருக்கீங்க?' என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். திரையில் அந்தச் சிரிப்பு தெரியாது, விசாரணை மட்டும் தெரியும். 'இந்த எண் எதிலிருந்து எடுத்தது?' என்று கேட்டால் அதே பதில் கிடைக்கும்.

கருத்தில் 'நான்' என்று எழுதணுமா, 'நாங்கள்' என்று எழுதணுமா?

என் கருத்து என்றால் 'நான்', 'எனக்கு'. குழுவின் ஆவணம் என்றால் 'நாம்'. 'நாங்கள்' மட்டும் வேண்டாம்.

'நாம்' கேட்பவரையும் உள்ளே சேர்க்கிறது, 'நாங்கள்' அவரை வெளியே நிறுத்துகிறது. நம் மொழி இந்த வேறுபாட்டை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. 'நாங்கள் சுவரொட்டியில் இப்படி எழுதுவதில்லை' என்று புதியவர் ஒருவருக்கு எழுதினால், குழு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் என்று சொன்னதாகத்தான் அவர் மனத்தில் விழும். 'சுவரொட்டியில் நாம் வழக்கமாக விலையை மேலே போடுகிறோம்' என்றால் அவருக்குக் குழுவின் வழக்கமும் தெரிகிறது, தானும் அதில் ஒருவர் என்றும் தெரிகிறது. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய கை தமிழில் எழுதும்போது யோசிக்காமல் 'நாங்கள்' போட்டுவிடும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒற்றுப்பிழை பக்கத்துக்குப் பத்து இருக்கிறது. எல்லாவற்றையும் குறிக்காமல் எப்படி விடுவது?

விட வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றாகக் குறிக்கவும் வேண்டாம். பரிந்துரை முறையில் ஒரு 'க்' சேர்த்தால்கூட ஓர் அட்டை வருகிறது. முப்பது அட்டைகளுக்கு நடுவே உங்கள் ஒரே முக்கியமான கேள்வி காணாமல் போகும், நான் செய்தது போல.

இப்போது எங்கள் குழுவில் இதை இரண்டு சுற்றாகப் பிரித்திருக்கிறோம். முதல் சுற்றில் உள்ளடக்கம் மட்டும். ஒற்று, காற்புள்ளி எதையும் தொடுவதில்லை, கண் உறுத்தினாலும். எழுதியவர் பதில் சொல்லி, வாக்கியங்கள் ஒரு நிலைக்கு வந்த பிறகு, தலைப்பில் ஒரே ஒரு கருத்து: '-ஆக, -க்கு, -ஐ இவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஏறக்குறைய முப்பது இடம் இருக்கிறது. நீங்களே பார்க்கிறீர்களா, நான் நேராகத் திருத்திவிடட்டுமா?' பெரும்பாலானவர்கள் 'நீங்களே போட்டுடுங்க' என்பார்கள். சிலர் தாங்களே செய்வார்கள், அடுத்த ஆவணத்தில் அவர்களுக்குப் பாதிப் பிழை குறைந்திருக்கும். எப்படியானாலும் முப்பது சிவப்புக் கோடு என்ற காட்சி இல்லை. முதல் சுற்றில் திருத்திய வாக்கியமே பிறகு வெட்டப்பட்டால் வீணாகும் உழைப்பும் இல்லை.

வேர்டில் எழுத்துரு, வரி இடைவெளி மாற்றங்களும் ஓரத்தில் குவியும். Show Markup பட்டியலில் Formatting-ஐ எடுத்துவிட்டால் அவை கண்ணில் படாது.

திருத்தக் குறியில் தமிழ் எழுத்து உடைந்து, புள்ளி வட்டம் மாதிரி வருகிறது. எழுதியவருக்கு ஒன்றும் புரியவில்லை என்கிறார்.

கணினிக்குள் 'கா' என்பது க, அதன் பக்கத்தில் ஒரு கால் என்று இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினால் பல நேரம் அந்தக் கால் மட்டும் போய் 'க' நிற்கும். சாதாரணமாக எழுதும்போது இது வசதி. ஆனால் பரிந்துரை முறையில், வெட்டப்பட்ட கால் தனியாகக் கோடு போட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தாங்க எழுத்து இல்லாததால் ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிடும். இப்படி ஒரு சொல்லில் இரண்டு இடம் மாறினால் அதை யாராலும் படிக்க முடியாது.

சொல்லின் மேல் இருமுறை கிளிக் செய்து முழுச் சொல்லையும் தேர்ந்தெடுத்து, புதிய சொல்லை முழுதாகத் தட்டுங்கள். பழையது முழுதாகவும் புதியது முழுதாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு வாக்கியத்தில் மூன்று சொல்லுக்கு மேல் மாறுகிறது என்றால் வாக்கியத்தைத் தொடவே வேண்டாம், மாற்று வாக்கியத்தைக் கருத்தில் எழுதுங்கள். எழுத்துச் சிக்கலைத் தவிர, தன் வாக்கியம் வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கும் வேதனையும் எழுதியவருக்கு இருக்காது.

ஒரு பத்தியை எடுத்து, எப்படி எழுதுவீர்கள் என்று காட்ட முடியுமா?

அதே கதை அரங்கு முன்மொழிவிலிருந்து ஒரு பகுதி இது:

'எங்கள் குழு கடந்த பல ஆண்டுகளாகக் கதை சொல்லும் நிகழ்ச்சிகளை மிகவும் சிறப்பான முறையில் நடத்தி வருகிறது. இந்த ஆண்டு 80 சிறுவர்கள் கலந்துகொள்வார்கள். பெற்றோர்கள் அனைவரும் தவறாமல் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும்.'

கீழே செலவுப் பட்டியலில் சிற்றுண்டிப் பொட்டலம் 120 என்று இருந்தது.

நான் முதலில் 'பல ஆண்டுகள்' மேல், 'எத்தனை? தெளிவாக எழுதவும்' என்று போட்டிருந்தேன். 80 மேல், 'பட்டியலில் 120. கவனிக்கவில்லையா?' கடைசி வாக்கியத்தை முழுதாக வெட்டி என் வாக்கியத்தை வைத்திருந்தேன்.

சுவரொட்டிக் குழப்பத்துக்குப் பிறகு இருவரும் பழைய வரைவைத் திரும்பத் திறந்தோம். அந்த மூன்று இடத்துக்கும் நான் புதிதாக எழுதியவை இவை.

'பல ஆண்டுகள்' மேல்: 'மன்றத்தில் இதைப் படிப்பவருக்கு நம் குழுவைத் தெரிந்திருக்காது. எத்தனை ஆண்டு, எத்தனை நிகழ்ச்சி என்று எண் போட்டால் "மிகவும் சிறப்பான" என்று நாமே சொல்லிக்கொள்ளத் தேவையிருக்காது. உங்களிடம் கணக்கு இருக்கிறதா? இல்லையென்றால் பழைய கோப்புகளில் நான் தேடித் தருகிறேன்.' காரணம் இருக்கிறது, வேலையில் ஒரு பங்கை நானும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரிக்காக அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இருவரும் சேர்ந்துதான் தேடினோம்.

80 மேல்: 'இங்கே 80, செலவுப் பட்டியலில் பொட்டலம் 120. பெற்றோரையும் சேர்த்துக் கணக்கிட்டீர்களா? அப்படியென்றால் அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.' அவர் பதில்: ஆமாம், 80 பிள்ளைகள், உடன் வரும் பெரியவர்கள் 40 பேர். இரண்டு எண்ணும் சரி. அன்று நான் எழுதிய 'கவனிக்கவில்லையா?'வுக்குப் பயந்து அவர் பொட்டலத்தை 80 என்று குறைத்திருந்தால், நிகழ்ச்சியன்று நாற்பது பேருக்குச் சாப்பாடு இருந்திருக்காது. எண்கள் முரண்படும்போது எனக்குத் தெரியாத ஒரு காரணம் அவரிடம் இருக்கலாம் என்று நினைத்து எழுதுவது, மரியாதைக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் நல்லது.

கடைசி வாக்கியத்தைத் தொடவில்லை. ஓரத்தில், 'பெற்றோர் காதில் இது கட்டளையாக விழுமோ என்று தோன்றுகிறது. "பிள்ளைகளுடன் வந்து கதை கேட்க அழைக்கிறோம்" என்பது போல ஏதாவது? உங்கள் நடையில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். அவர் எழுதியது: 'பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கதை கேளுங்கள்.' என்னுடையதைவிட எவ்வளவோ நல்ல வாக்கியம். வெட்டி ஒட்டியிருந்தால் அது பிறந்தே இருக்காது.

எதிர்மறையாகச் சொல்லும் முன் ஒரு பாராட்டு வைக்க வேண்டுமா?

குறிப்பாகச் சொல்ல ஏதாவது இருந்தால் வையுங்கள். 'நல்ல முயற்சி, ஆனால்...' என்று ஆரம்பித்தால் எல்லோரும் அந்த 'ஆனால்'-க்காகக் காத்திருப்பார்கள். 'மழை வந்தால் எங்கே நகர்வது என்று யோசித்து எழுதியிருக்கிறீர்கள், இது எனக்குத் தோன்றவே இல்லை' என்று அந்த வரியின் மேலேயே, தனிக் கருத்தாக, எந்தக் கோரிக்கையும் இல்லாமல் எழுதினால் அது பாராட்டு. இரண்டு பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்தால் போதும்.

என்னைவிட வயதில் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியதை நான் எப்படித் திருத்துவது?

திருத்தம் என்ற சொல்லையே மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவருடைய வரவேற்புரையில் ஒரு வாக்கியம் ஆறு வரி ஓடுகிறது என்று வையுங்கள். 'ஐயா, தொகுப்பாளர் இதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியிருக்கும். எந்த இடத்தில் நிறுத்தினால் பொருள் கெடாது என்று சொல்கிறீர்களா?' என்று கேட்கலாம். குறை வாக்கியத்தில் இல்லை, வாசிக்கப் போகிறவருக்கு இருக்கும் சிரமத்தில் இருக்கிறது. உண்மையும் அதுதான். முடிவு அவர் கையில். இப்படிக் கேட்டபோது ஒருவர் வாக்கியத்தை நான்காகப் பிரித்து அனுப்பினார், என் மாற்று எதுவும் தேவைப்படவில்லை.

சொல்லாட்சி உங்களுக்குப் புதிதாக இருந்தால் பிழை என்று முடிவு கட்டாதீர்கள். 'இந்தச் சொல் எனக்குப் புதிது ஐயா, இளையவர்களுக்குப் புரியுமா என்று யோசிக்கிறேன்' என்றால் அவர் விளக்குவார், அல்லது தானே எளிதாக்குவார்.

இன்னொன்று, பெரியவர்களில் பலர் ஓரக் கருத்தைப் பார்ப்பதே இல்லை. வேர்டில் Simple Markup இருந்தால் திருத்தம் நடந்த வரிக்கு ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான் தெரியும். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள், அவர் ஆவணம் அப்படியே இருக்கிறது என்று நினைத்திருப்பார். முதலில் தொலைபேசியில் பேசிவிடுங்கள். முடிந்தால் அகலமான ஓரம் விட்டு அச்சிட்டு, அடுத்த முறை பார்க்கும்போது கையில் கொடுங்கள். பென்சிலில் அவர் எழுதித் தருவதை நீங்கள் கணினியில் ஏற்றலாம்.

தமிழ் ஆவணத்தில் ஆங்கிலத்தில் கருத்து எழுதலாமா?

எழுதலாம். இங்கே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழில் தட்டுவது மெதுவாகத்தான் வரும். சிரமப்பட்டுத் தட்டும்போது கருத்து இரண்டு சொல்லாகச் சுருங்கி, நினைக்காமலே அதட்டலாகிவிடும். 'நீளம். குறை.' என்ற தமிழைவிட, காரணத்தோடு ஒரு முழு ஆங்கில வாக்கியம் நூறு மடங்கு மேல். அலுவலகச் சுருக்கங்களை மட்டும் கொண்டுவராதீர்கள். 'ப்ளீஸ் அமெண்ட்' என்பது எந்த எழுத்தில் எழுதினாலும் அறிவிப்புப் பலகைதான்.

பதில் வந்த பிறகு கருத்தை யார் மூடுவது?

பரிந்துரைக்கு டிக் போடுவது எழுதியவர். உங்களுக்கு அனுமதி இருந்தாலும் உங்கள் பரிந்துரையை நீங்களே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் நேரடியாகத் திருத்தியதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. கேள்வியாக எழுதிய கருத்தைக் கேட்டவர் மூடலாம், பதில் கிடைத்ததா என்று அவருக்குத்தானே தெரியும். மூடும் முன் 'புரிந்தது, நன்றி' என்று ஒரு வரி எழுதிவிட்டு Resolve அழுத்துங்கள். பதிலே இல்லாமல் மூடினால், தன் விளக்கத்தைப் படித்தார்களா இல்லையா என்று எழுதியவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

மறுக்கும் எழுத்தாளருக்கும் ஒரு வார்த்தை: பெருக்கல் குறியை அழுத்தும் முன் அட்டையில் காரணத்தைச் சொல்லுங்கள். 'பாட்டியின் பேச்சு என்பதால் இந்தச் சொல்லே இருக்கட்டும்' என்றால் போதும்.

ஒரே கருத்துக்குக் கீழே பதில் மேல் பதில் போய்க்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

மூன்றாவது பதிலோடு நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அந்த ஓரத்தில் நீங்கள் இருவர் மட்டும் இல்லை. ஆவணத்தைத் திறக்கும் எல்லோரும் படிக்கிறார்கள், மேலதிகாரி உட்பட. அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுப்பது யாருக்கும் கடினம். பேசி முடித்ததும் முடிவை மட்டும் அதே இடத்தில் எழுதுங்கள்: 'பேசினோம். கட்டணம் இல்லை, பதிவு மட்டும் வேண்டும்.' அடுத்த வாரம் மூன்றாவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்க மாட்டார்.

நேரமும் தொனியின் ஒரு பகுதிதான். கூகல் டாக்ஸில் நீங்கள் எழுதும் கருத்து உடனே போய்விடும், ஒருவரை @ போட்டு அழைத்தால் அவருக்கு மின்னஞ்சலும் போகும். நள்ளிரவில் வேலை செய்வது உங்கள் வசதி என்றால் கருத்துகளைத் தனியாக எழுதி வைத்துக் காலையில் ஏற்றுங்கள். புதிய வேர்டில் அம்புக்குறியை அழுத்தும் வரை, அல்லது Ctrl+Enter தட்டும் வரை, கருத்து மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை மறுபடி படித்துப் பார்க்க அது நல்ல இடைவெளி.

எல்லாம் முடிந்தது. மன்றத்துக்கு அனுப்பும்போது இந்தக் கருத்துகளும் போகுமா?

போகும். கூகல் டாக்ஸிலிருந்து வேர்ட் கோப்பாக இறக்கினால் கருத்தும் பரிந்துரையும் சேர்ந்தே வரும். வேர்டில் No Markup என்று வைப்பது கண்ணுக்கு மறைக்க மட்டும்தான், பெறுபவர் ஒரு சொடுக்கில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். உங்களுக்குள் நட்பாக எழுதிய 'இந்த எண் எதிலிருந்து எடுத்தது?' என்ற கேள்வி, வெளியாள் கண்ணில் எழுதியவரின் கவனக்குறைவாகத் தெரியும். அவரை அப்படி நிறுத்தக் கூடாது.

அதனால் நிலுவையில் உள்ள பரிந்துரைகளை எழுதியவரே முதலில் ஏற்றோ மறுத்தோ முடிக்கட்டும். கூகல் டாக்ஸில் File, பிறகு Make a copy. கருத்துகளையும் சேர்த்து நகலெடுக்கவா என்று கேட்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். வேர்டில் File, Info, Check for Issues, Inspect Document என்று போனால் மீதமிருக்கும் கருத்துகளையும் திருத்தங்களையும் தேடிக் காட்டும். பழைய ஆவணத்தை அழிக்காமல் குழுவுக்குள் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு கதை அரங்குக்கு 80 பேருக்கு ஏன் 120 பொட்டலம் என்று யாராவது கேட்டால், பதில் அந்த ஓரத்தில் இருக்கும்.